கனசதுரம் சரியாக வருகிறது, மூடி 0.7 மி.மீ. குறைகிறது: ஏபிஎஸ் சுருக்கத்தைக் காலிப்பரால் அளந்து திருத்துவது எப்படி?

பெட்டகம் எழுதியது:

வணக்கம். உலோகப் பெட்டி ஒன்றுக்கு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இழையால் மூடி அச்சிட்டுக்கொண்டிருக்கிறேன். மூடியின் நீளம் 140 மி.மீ.; அதில் 4.5 மி.மீ. விட்டமுள்ள இரண்டு துளைகள் மையத்திலிருந்து மையத்துக்கு 120 மி.மீ. இடைவெளியில் உள்ளன. பெட்டியில் அதே இடைவெளியில் எம்4 திருகுமறைகள் இருக்கின்றன. ஒரு திருகை மாட்டினால் மற்றொன்று துளையின் ஓரத்தில் முட்டி நிற்கிறது. காலிப்பரால் அளந்தபோது மூடியின் நீளம் 139.30 மி.மீ. என்று காட்டியது.

எனக்குக் குழப்பம் தருவது வேறொன்று. மூடியைத் தொடங்குவதற்கு முன்பே, இதே இழையில், இதே வெப்பநிலையில், வழக்கமான 20 மி.மீ. கனசதுரத்தை அச்சிட்டு அளந்தேன். அது எக்ஸ் திசையில் 20.02 மி.மீ. வந்தது. அதாவது சுருக்கமே இல்லை. சொல்லப்போனால் இம்மியளவு பெரிதாகவே இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் மூடியை எந்தத் திருத்தமும் செய்யாமல் அச்சிட்டேன். சிறிய பொருள் சரியாகவும் பெரிய பொருள் தவறாகவும் வருவது எப்படி? அடுத்த முறை எத்தனை விழுக்காடு பெரிதாக்கி அச்சிட வேண்டும்?

படிமோட்டார் எழுதியது:

கனசதுரத்தை நம்பாதீர்கள். 20 மி.மீ.யில் வரும் வேறுபாடு காலிப்பரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். நீளமான பொருளை அளந்து கணக்கிடுவதே முறை. உங்கள் மூடியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 140-ஐ 139.30 ஆல் வகுத்தால் 1.00503 கிடைக்கிறது. ஆகவே அரை விழுக்காடு பெரிதாக்கினால் போதும்.

ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே பெரிதாக்குவதை விட இயந்திரத்திலேயே இதை ஒரு முறை திருத்திவிடலாம் என்பது என் கருத்து. 20 பல் கொண்ட கப்பியும் 2 மி.மீ. பல்லிடைவெளி கொண்ட பட்டையும் இருந்தால், உங்கள் இயந்திரத்தில் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் 80 படிகள் என்றே இருக்கும். அதை `M92 X80.40 Y80.40` என்று மாற்றிச் சேமித்துவிட்டால் பிறகு எந்த மாதிரியிலும் கைவைக்க வேண்டியதில்லை.

அளவுகோல் எழுதியது:

நீளமான பொருளை அளக்க வேண்டும் என்று படிமோட்டார் சொன்னது சரி. ஆனால் ஒரே ஒரு நீளத்தை அளந்து வகுத்து எடுக்கும் விகிதம் தவறாகவே வரும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கனசதுரப் புதிருக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

அச்சிட்ட பாகத்தின் வெளி அளவில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. ஒன்று சுருக்கம். இது நீளத்தோடு வளரும், 20 மி.மீ.யில் சிறிதாகவும் 140 மி.மீ.யில் ஏழு மடங்காகவும் இருக்கும். மற்றொன்றை நான் ஓரத் தடிப்பு என்று சொல்வேன். நாசிலிலிருந்து வரும் கோடு, மாதிரியை அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருளான ஸ்லைசர் எண்ணியதைவிடச் சற்று அகலமாக விழுவதாலும், அடுக்குகளின் வரப்பு மேட்டில்தான் காலிப்பரின் தாடை உட்காருவதாலும் ஒவ்வொரு ஓரமும் சிறிதளவு வெளியே தள்ளி நிற்கிறது. பாகம் 20 மி.மீ. ஆனாலும் 140 மி.மீ. ஆனாலும் ஓரங்கள் இரண்டுதான். எனவே இந்தப் பிழை நீளத்தோடு வளராது. சுருக்கம் பாகத்தைக் குறைக்கிறது, ஓரத் தடிப்பு கூட்டுகிறது. உங்கள் கனசதுரத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 20.02 என்ற அழகான எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். 140 மி.மீ.யில் சுருக்கம் வென்றுவிட்டது. ஆனால் அங்கும் ஓரத் தடிப்பு அதன் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 1.00503 என்பது உண்மையான திருத்தத்தைவிடக் குறைவான எண்ணாக இருக்கும் என்கிறேன்.

இரண்டையும் பிரிப்பதற்கு எளிய வழி உண்டு. வெளி அளவை ஓரத் தடிப்பு கூட்டுகிறது. இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட உள் அளவை அதே தடிப்பு அதே அளவுக்குக் குறைக்கிறது. எனவே ஒரே பாகத்தில் வெளி அளவையும் உள் அளவையும் எடுத்துக் கூட்டினால் ஓரத் தடிப்பு தானே நீங்கிவிடும். எஞ்சுவது சுருக்கம் மட்டுமே.

இதற்கென ஒரு சோதனைக் கட்டை வரைந்துகொள்ளுங்கள். 140 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள அடித்தட்டு. அதன் இரு முனைகளிலும் 10 மி.மீ. கனமும் 15 மி.மீ. உயரமும் உள்ள சுவர். அப்போது வெளி அளவு 140, உள் அளவு 120. சுவரை 10 மி.மீ.க்குக் குறைக்க வேண்டாம். மெல்லிய சுவராக இருந்தால் கட்டைவிரலின் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும். நீங்கள் பிளாஸ்டிக்கின் வளைவை அளந்துகொண்டிருப்பீர்கள். மூடிக்கு வைத்த சுவர் எண்ணிக்கை, உள்நிரப்பு, வெப்பநிலை, வேகம் ஆகியவற்றையே இதற்கும் வையுங்கள். எக்ஸ் திசையில் ஒன்று, ஒய் திசையில் ஒன்று என இரண்டு கட்டைகள் போதும்.

நூலிழை எழுதியது:

எனக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். நைலான் இழையில் பற்சக்கரம் ஒன்றை அச்சிட்டு அன்றே அளந்து, சுருக்கத்துக்காக ஒரு விழுக்காடு பெரிதாக்கி மீண்டும் அச்சிட்டேன். அன்று சரியாகப் பொருந்தியது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பக்கத்துப் பற்சக்கரத்தோடு உராய்ந்து இறுகுகிறது. மறுபடி அளந்தால் விட்டம் கூடியிருக்கிறது. இந்த வெளி, உள் அளவு முறையில் கணக்கிட்டால் எனக்கும் சரியான விழுக்காடு கிடைக்குமா?

அளவுகோல் எழுதியது:

நூலிழை, உங்கள் கணக்கில் பிழை இல்லை. அளந்த நாளில்தான் பிழை. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும். அச்சிட்டவுடன் அது உலர்ந்த நிலையில் இருப்பதால் அப்போது எடுத்த எண் உலர்ந்த பாகத்துக்கு மட்டுமே பொருந்தும். பற்சக்கரம் வேலைசெய்யப்போகும் இடத்திலேயே சில நாட்கள் கிடக்கவிட்டு, தொடர்ந்து இரண்டு நாட்கள் ஒரே அளவு வந்த பிறகு கணக்கிடுங்கள். ஏபிஎஸ்ஸில் இந்தத் தொல்லை பொருட்படுத்தத்தக்க அளவில் கிடையாது.

பெட்டகம் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. எக்ஸ் திசைக் கட்டையை இன்று மாலை அச்சிட்டேன். முடிந்ததும் எடுத்து அளந்ததில் வெளி அளவு 139.78, உள் அளவு 119.18 என்று வந்தது. நீங்கள் சொன்னபடி இரண்டையும் கூட்டி 260 ஆல் வகுத்தேன், 0.9960 கிடைத்தது. அதாவது 0.4 விழுக்காடு சுருக்கம். ஆனால் படிமோட்டார் சொன்ன முறையிலேயே 0.5 விழுக்காடு வந்தது. உண்மைச் சுருக்கம் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றீர்களே? இது குறைவாக அல்லவா இருக்கிறது? எங்கே தவறினேன்?

அளவுகோல் எழுதியது:

உங்கள் எண்களே இரண்டு செய்திகளைச் சொல்கின்றன.

முதலாவது, வெளி அளவிலிருந்து உள் அளவைக் கழித்துப் பாருங்கள்: 20.60 வருகிறது. அது இரண்டு சுவர்களின் கனம். அதாவது ஒவ்வொரு சுவரும் 10.30 மி.மீ. இருப்பதாக உங்கள் காலிப்பர் சொல்கிறது. சாதாரண ஓரத் தடிப்பு இவ்வளவு இருக்காது. தாடையைக் கட்டையின் அடிப்பகுதியில், தட்டையொட்டி வைத்து அளந்திருப்பீர்கள். வெளிப்புறத்தில் முதல் சில அடுக்குகள் பெட்டில் நசுங்கிப் பிதுங்கி நிற்கும். உட்புறத்தில் சுவரும் அடித்தட்டும் சேரும் மூலையில் பிளாஸ்டிக் சற்றுத் திரண்டிருக்கும். அடியிலிருந்து 10 மி.மீ. உயரத்துக்கு மேல் மட்டும் தாடையை வையுங்கள். அடுக்குகள் தொடங்கி முடியும் தையல் கோட்டையும், மூலைகளையும் தவிர்த்துச் சுவரின் நடுவில் அளங்கள்.

இரண்டாவது, இந்தப் பிதுக்கம் வெளி அளவைக் கூட்டி உள் அளவைக் குறைப்பதால் சராசரியைப் பெரிதாகக் கெடுக்காது. ஆகவே 0.4 விழுக்காடு என்று குறைந்து வந்ததற்குப் பிதுக்கம் காரணமல்ல. கட்டை சூடாக இருந்திருக்க வேண்டும். ஏபிஎஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 0.09 மி.மீ. விரியும். அறையைவிட 22 டிகிரி கூடுதலான சூட்டில் 140 மி.மீ. கட்டையை அளந்தால் 0.28 மி.மீ. அதிகமாகக் காட்டும், அதுவே 0.2 விழுக்காடு. கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தாலே அது அளக்கத் தகாத பாகம். இரவு முழுதும் ஆறவிட்டுக் காலையில் அளங்கள்.

காலிப்பரைப் பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தாடைகளைத் துடைத்து, மூடி, சுழி காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பாகத்தைத் தாடையின் நுனியில் பிடிக்காமல் தண்டுக்கு அருகில் பிடியுங்கள். நுனியில் பிடித்தால் நகரும் தாடை சற்றே சாய்ந்து பிழை காட்டும். இணையான சுவர்களுக்கு நடுவே அளக்கும்போது காலிப்பரை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து, கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அளவுக்கும் அப்படியே. சாய்ந்து நிற்கும் காலிப்பர் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். துளையின் விட்டத்துக்கு மட்டும் இது மாறும். அங்கே மிக அதிகமான எண்ணே விட்டம். ஒவ்வோர் அளவையும் கையை எடுத்துவிட்டு மூன்று முறை எடுங்கள். மூன்றும் 0.03 மி.மீ.க்குள் ஒத்துவராவிட்டால் கணக்குக்குப் போகவே வேண்டாம்.

படிமோட்டார் எழுதியது:

ஓரத் தடிப்பைப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்பதை ஏற்கிறேன். நான் இதுவரை அப்படிச் செய்ததில்லை. ஆனாலும் விகிதம் எதுவாக இருந்தாலும் அதை `M92`-இல் எழுதுவதில் என்ன தவறு என்பது விளங்கவில்லை. நான் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், பாகங்கள் பொருந்துகின்றன.

செங்குத்து எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் ஏபிஎஸ்ஸுக்கு மாதிரி முழுவதையும் மூன்று திசையிலும் ஒரே விழுக்காடு பெரிதாக்குகிறேன். அகலம் சரியாக வருகிறது, உயரம் மட்டும் எப்போதும் கூடிவிடுகிறது. பொருளின் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

அளவுகோல் எழுதியது:

படிமோட்டார், நீங்கள் ஒரே வகை இழையை மட்டும் பயன்படுத்தினால் வேறுபாடு தெரியாது. `M92` என்பது மோட்டார் எத்தனை படி நகர்ந்தால் நாசில் ஒரு மில்லிமீட்டர் நகரும் என்ற இயந்திர உண்மை. மோட்டாரின் படி அளவும் பட்டையின் பல்லிடைவெளியும் கப்பியின் பல் எண்ணிக்கையும் அதை முடிவுசெய்கின்றன. எந்த இழை ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஏபிஎஸ்ஸுக்காக அதைக் கூட்டிவைத்தால் சுருக்கம் மிகக் குறைவான பிஎல்ஏவில் அச்சிடும் அனைத்தும் பெரிதாக வரும். பிறகு அதற்கு ஒரு திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் என்று போய்க்கொண்டே இருக்கும். சுருக்கம் இழையின் குணம். அதை ஸ்லைசரில் அந்த இழையின் அமைப்புக்குள் எழுதுவதே பொருத்தம்.

செங்குத்து, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. கிடைத்திசையில் ஏறத்தாழ 105 டிகிரியில் ஏபிஎஸ் இறுகத் தொடங்கி அறைச் சூட்டுக்கு வரும்வரை சுருங்குகிறது. இடைவெளி ஏறக்குறைய 75 டிகிரி. மேலே சொன்ன விரிவு எண்ணோடு பெருக்கினால் 0.7 விழுக்காட்டுக்கு அருகில் வரும். செங்குத்துத் திசையில் அப்படி இல்லை. ஓர் அடுக்கு ஆறித் தாழ்ந்தாலும் அடுத்த அடுக்கைப் போட நாசில் பெட்டிலிருந்து கணக்கிட்ட உயரத்துக்கே செல்கிறது. தாழ்ந்த இடத்தைப் புதிய பிளாஸ்டிக் நிரப்பிவிடுகிறது. ஆகவே அச்சிடும்போதே நடந்த சுருக்கம் உயரத்தில் தங்குவதில்லை. அச்சு முடிந்தபின், இயந்திரத்தைச் சுற்றியுள்ள அடைப்புக்குள் இருந்த சூட்டிலிருந்து அறைச் சூட்டுக்கு ஆறும்போது நடக்கும் சுருக்கம் மட்டுமே தங்குகிறது. உயரத்தைத் தனியே அளந்து தனியே திருத்துங்கள். பல நேரங்களில் திருத்தாமல் விடுவதே நல்லது.

பெட்டகம் எழுதியது:

இரண்டு கட்டைகளையும் இரவு ஆறவிட்டு இன்று காலை அளந்தேன். அடியிலிருந்து 12 மி.மீ. உயரத்தில், சுவரின் நடுவில் எடுத்த எண்கள் இவை. எக்ஸ் திசையில் வெளி அளவு 139.30, 139.31, 139.29. உள் அளவு 119.14, 119.13, 119.15. ஒய் திசையில் மூன்று முறை அளந்ததன் நடு எண் முறையே 139.22, 119.08.

எக்ஸ் திசைக்கு நான் போட்ட கணக்கு:

```
(139.30 + 119.14) / (140 + 120) = 0.9940
139.30 - (140 x 0.9940) = 0.14
```

ஆக, சுருக்கம் 0.6 விழுக்காடு, ஓரத் தடிப்பு இரு ஓரமும் சேர்ந்து 0.14 மி.மீ. இதைக் கனசதுரத்தில் பொருத்திப் பார்த்தேன்: 20 மி.மீ.யில் சுருக்கம் 0.12, கூடுதல் 0.14, மிஞ்சுவது 0.02. அன்று வந்த 20.02 அப்படியே வருகிறது. இரண்டு தவறுகள் சேர்ந்து காட்டிய எண்ணை நம்பி ஒரு மூடியை வீணாக்கியிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. சுவரின் கனத்தையும் தனியே அளந்தேன், 10.08 வந்தது. கணக்குப்படி 9.94-உடன் 0.14 சேர்த்தாலும் அதே 10.08தான்.

ஒய் திசைக்கு விகிதம் 0.9935 வருகிறது. இரண்டு திசைக்கும் வேறுபாடு இருப்பது இயல்பா?

அளவுகோல் எழுதியது:

மிக நன்றாக அளந்திருக்கிறீர்கள். சுவரின் கனத்தைத் தனியே அளந்து சரிபார்த்தது நான் சொல்ல மறந்த படி. கணக்கு தன்னோடு தானே ஒத்துப்போகிறதா என்று காட்டுவது அதுதான். இன்னும் ஒன்றை மட்டும் பாருங்கள். சுவரின் மேல் விளிம்பிலும் 7 மி.மீ. உயரத்திலும் வெளி அளவு ஒன்றாக வருகிறதா? கட்டையின் முனைகள் பெட்டிலிருந்து எழும்பியிருந்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்து, மேலே அளவு குறைந்திருக்கும். அது சுருக்கம் அல்ல, கோணல்; விழுக்காட்டால் திருத்த முடியாது.

மூடியிலுள்ள துளைகளையும் ஒப்பிட்டுவிடுங்கள், ஏனெனில் உங்களுக்குத் தேவையானது துளை இடைவெளிதான். உள்தாடைகளை ஒரு துளைக்குள் விட்டு அகல அளந்து, அந்த நிலையிலேயே சுழிப் பொத்தானை அழுத்துங்கள். பிறகு இரண்டு துளைகளின் வெளிப்பக்கத்து ஓரங்களுக்கு இடையே அதே உள்தாடைகளால் அளங்கள். இரண்டு துளைகளும் ஒரே விட்டமாக இருக்கும்வரை திரையில் தெரிவது நேரடியாக மைய இடைவெளி. சிறு துளையில் உள்தாடையின் தட்டையான முகம் வளைவில் சரியாக உட்காராமல் விட்டத்தைக் குறைத்துக் காட்டும். அந்தப் பிழை இரண்டு அளவிலும் ஒன்றாக இருப்பதால் இங்கே நீங்கிவிடுகிறது. 119.28-ஐ ஒட்டி வரவேண்டும். படிமோட்டார் சொன்ன 1.00503 ஆல் பெரிதாக்கியிருந்தால் அது 119.88-இல் நின்றிருக்கும், மூடியின் வெளி நீளம் மட்டும் சரியாக வந்திருக்கும்.

திசை வேறுபாட்டுக்கு இப்போது கவலைப்பட வேண்டாம். ஸ்லைசரில் இரண்டுக்கும் ஒரே பெட்டிதான் இருக்கும், 0.9938 என்று நடுவில் வையுங்கள். இரு பக்கமும் எஞ்சும் பிழை 130 மி.மீ.க்கு 0.04 மி.மீ. அளவுதான். அதற்குக் கீழே உங்கள் காலிப்பரையே முழுதாக நம்ப முடியாது.

பெட்டகம் எழுதியது:

துளை இடைவெளி 119.28 என்றே வந்தது. சுவர்களில் சாய்வு இல்லை. மகிழ்ச்சியோடு ஓர்கா ஸ்லைசரில் இழை அமைப்புக்குள் `Shrinkage (XY)` என்ற இடத்தில் 100.62 என்று எழுதி மூடியை மீண்டும் அச்சிட்டேன். ஆறவிட்டு அளந்தால் துளை இடைவெளி 118.55! முன்பைவிடக் குறைந்திருக்கிறது. எல்லாக் கணக்கும் ஒத்துவந்த பிறகு இப்படி ஆனது மிகவும் வருத்தமாக இருக்கிறது. இழைச் சுருள் மாறவில்லை, வெப்பநிலையும் மாறவில்லை.

கரிமுனை எழுதியது:

பெட்டகம், உங்கள் அளவீட்டில் தவறில்லை, எண்ணைத் தலைகீழாக எழுதிவிட்டீர்கள். 119.28-ஐ 1.0062 ஆல் வகுத்துப் பாருங்கள், 118.55 வரும். ஸ்லைசர் பெரிதாக்குவதற்குப் பதிலாகச் சிறிதாக்கியிருக்கிறது.

நானும் ஒரு ஸ்லைசரிலிருந்து மற்றொன்றுக்கு மாறியபோது இதே இடத்தில் தடுமாறினேன். ஓர்கா கேட்பது அளந்து வந்த விழுக்காடு, 100 மி.மீ.க்கு 94 வந்தால் 94% என்று எழுது என்று அந்தப் பெட்டியின் குறிப்பே சொல்கிறது. உங்களுக்கு அது `99.38%`. குராவில் `Scaling Factor Shrinkage Compensation` என்ற இடம் பெரிதாக்கும் காரணியைக் கேட்கிறது, அங்கேதான் 100.62 என்று எழுத வேண்டும். புரூசா ஸ்லைசரின் புதிய பதிப்புகளில் குறைந்த அளவை மட்டும் கேட்கிறார்கள். 100-க்கு 99 வந்தால் 1 என்று எழுத வேண்டும். அதன்படி உங்களுக்கு 0.62. ஒரே அளவீடு, மூன்று விதமான எண்கள். எண்ணை எழுதியபின் அச்சிடும் முன் அடுக்குக் காட்சியில் பாகம் பெரிதாகியிருக்கிறதா சிறிதாகியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகே வந்தது.

இன்னொன்று: ஓர்காவில் இந்தப் பெரிதாக்கம் பாகங்களுக்கிடையே இடம் போதுமா என்ற சோதனைக்குப் பிறகே நடக்கிறது. பல மூடிகளை நெருக்கமாக வைத்து அச்சிடுவதாக இருந்தால் இடைவெளியைச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

அளவுகோல் எழுதியது:

கரிமுனை சரியாகப் பிடித்துவிட்டார். சுருக்கத்தைத் திருத்திய பிறகு ஓரத் தடிப்பு அப்படியே எஞ்சியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 0.14 என்பது இரு ஓரத்துக்கும் சேர்த்து. ஸ்லைசரின் `X-Y contour compensation` ஓர் ஓரத்துக்குரிய எண்ணைக் கேட்பதால் அங்கே -0.07 வர வேண்டும். ஆனால் அதற்கு முன் இழை ஓட்டம் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேல்பரப்பில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடுபட்டிருந்தால் ஓட்டத்தைக் குறைப்பதே உண்மையான மருந்து. அப்போது தடிப்பும் குறையும், மறுபடி அளந்துகொள்ளலாம். துளைகளுக்கு `X-Y hole compensation` தனியே இருக்கிறது. சிறிய வட்டத் துளைகள் நேர்ச்சுவர்களைவிடக் கூடுதலாகவே ஒடுங்கும். ஆகவே இந்தக் கட்டையில் கிடைத்த 0.07-ஐத் துளைக்கு நம்பாமல், துளையில் ஒரு திருகையோ, துளையிடும் அலகின் மழுங்கிய தண்டையோ விட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

பெட்டகம் எழுதியது:

`99.38%` என்று திருத்தி, ஓரத்துக்கு -0.07 வைத்து அச்சிட்ட மூடியை இன்று அளந்தேன். நீளம் 140.04, துளை இடைவெளி 120.03. இரண்டு திருகுகளும் கையாலேயே இறங்கின. உயரத்தில் எதையும் மாற்றவில்லை, 30 மி.மீ.க்கு 29.94 இருக்கிறது, அது போதும்.

திசை வேறுபாடு மட்டும் மனத்தை உறுத்தியதால் அதே கட்டைகளைப் பிஎல்ஏவில் அச்சிட்டுப் பார்த்தேன். எக்ஸ் திசையில் 139.82, 119.66, ஒய் திசையில் 139.80, 119.65. விகிதங்கள் 0.9980, 0.9979. ஏபிஎஸ்ஸில் இருந்த வேறுபாடு இதில் ஏறக்குறைய இல்லை.

படிமோட்டார் எழுதியது:

பட்டை இறுக்கத்தில் வேறுபாடு இருக்கும் என்று எழுத வந்தேன். பிஎல்ஏவில் இரண்டும் ஒத்துவருவதால் அதைச் சொல்ல முடியவில்லை. என் இயந்திரத்தில் `M92`-ஐ 80-க்குத் திருப்பி, இழைக்கு இழை தனி எண் வைக்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று ஆண்டு வழக்கத்தை மாற்றுவது எளிதாக இல்லை.

கரிமுனை எழுதியது:

என் ஊகம் அடைப்பின் கதவு. ஒய் திசைக் கட்டையின் ஒரு முனை கதவுக்கு அருகில் வரும். அங்கே காற்று குளிர்ந்திருந்தால் அந்த முனை முன்னதாகவே இறுகும். பிஎல்ஏவில் சுருக்கமே குறைவு என்பதால் அந்த விளைவு தெரியாமல் போயிருக்கலாம்.

அளவுகோல் எழுதியது:

கதவாக இருக்கலாம், ஆனால் எனக்கு முழு உடன்பாடில்லை. முன்னதாக இறுகினால் ஏன் அதிகமாகச் சுருங்க வேண்டும் என்பதற்கு உறுதியான விளக்கம் என்னிடம் இல்லை. வேறுபாடு 0.05 விழுக்காடு, 130 மி.மீ.க்கு 0.07 மி.மீ. காலிப்பரின் பிழை இருபக்கமும் 0.03 என்றால், இரண்டு கட்டைகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி அளவீட்டிலேயே பிறந்திருக்கவும் கூடும். பெட்டகம் விரும்பினால், எக்ஸ் திசையில் அச்சிட்ட கட்டையைப் போலவே மூன்றை அடைப்பின் பின்புறத்திலும், மூன்றைக் கதவோரத்திலும் அச்சிட்டு அளந்து பார்க்கலாம். மூன்று மூன்றாக இருந்தால்தான் கட்டைக்குக் கட்டை வரும் வேறுபாடு எவ்வளவு என்பதே தெரியும்.

பெட்டகம் எழுதியது:

பின்புறத்தில் மூன்றை இன்றிரவு தொடங்குகிறேன். கதவோரத்து மூன்று நாளை. ஆறிய பின் எண்களை இங்கேயே இடுகிறேன்.